புதிய முறுக்கு பிராண்டின் அலமாரி மாதிரிப் படம்: மற்றவற்றுக்கு நடுவே எடுபடுகிறதா?

தேவி, டர்பன்

அனைவருக்கும் வணக்கம். என் நாத்தனார் சேட்ஸ்வொர்த்தில் பல ஆண்டுகளாக வீட்டிலேயே முறுக்கும் காரக்கலவையும் செய்து விற்று வருகிறார். இப்போது அதை முறையான பிராண்டாக்கி, ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமத்தின் கொள்முதல் மேலாளரிடம் அடுத்த மாதம் காட்டவிருக்கிறோம். பாக்கெட்டின் வடிவமைப்பு என் பொறுப்பு. கூடவே, சிப்ஸ் வகைகள் நிறைந்த ஓர் அலமாரியில் எங்கள் பாக்கெட் எப்படித் தனித்துத் தெரியும் என்பதைக் காட்டும் மாதிரிப் படம் ஒன்றையும் தயாரித்திருக்கிறேன். படத்தை இங்கே இணைக்க இயலவில்லை என்பதால் விவரிக்கிறேன்.

அலமாரியில் ஐந்து தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டிலும் பத்துப் பாக்கெட்டுகள் நிற்கின்றன. நடுத்தட்டு முழுவதும் எங்களுடையது. மற்ற நான்கு தட்டுகளிலும் சிம்பா, லேஸ், டொரிடோஸ், நிக்நாக்ஸ் போன்ற எல்லோருக்கும் பழக்கமான பாக்கெட்டுகள் இருக்கின்றன. எங்கள் பாக்கெட் அரக்கு நிறத்தில், நடுவே பொன்னிறக் கோலத்துடன் இருக்கிறது. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் கீழ்ப்பகுதியில் உள்ளது. மற்ற பாக்கெட்டுகளைச் சற்று மங்கலாக்கி, எங்களுடையதை மட்டும் தெளிவாக விட்டிருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் வீட்டார் என்பதால், விஷயம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பீனிக்ஸ் கடைக்காரர்

தேவி அம்மாவுக்கு என் வாழ்த்துகள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் இடம் கிடைப்பது படத்தால் நடப்பதில்லை. எத்தனை நாள் கடனுக்குத் தருவீர்கள், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தின்போது தட்டுப்பாடின்றித் தர முடியுமா என்று கேட்பார்கள். என் கடைக்கு வருபவர்களிடம் நானும் இதைத்தான் கேட்கிறேன். உடைந்த முறுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பதற்கும் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

தேவி, டர்பன்

நன்றி, அண்ணா. அந்தக் கேள்விகளுக்கு நாத்தனார் தனியாகத் தயாராகி வருகிறார். நான் கேட்பது படத்தைப் பற்றி மட்டுமே. இருந்தாலும் உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் கடையில் புதிதாக வரும் பிராண்டுக்கு எந்தத் தட்டைக் கொடுப்பீர்கள்?

பீனிக்ஸ் கடைக்காரர்

கீழ்த்தட்டு, அல்லது கைக்கு எட்டாத மேல்தட்டு. முன்வரிசையில் இரண்டு பாக்கெட் நிற்கும் அளவு இடம் கொடுப்பேன், அவற்றின் பின்னால் இன்னும் சில நிற்கும். நடுத்தட்டு வேகமாக ஓடும் சரக்குக்கு உரியது, அதை நான் யாருக்காகவும் காலி செய்ததில்லை.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

கடைக்காரர் அண்ணன் கடைசியாகச் சொன்னதில்தான் படத்தைப் பற்றிய விவாதம் தொடங்க வேண்டும். தேவி அவர்கள் வருத்தப்படக் கூடாது. இதுபோன்ற படங்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன, பெரும்பாலானவற்றில் நடப்பதுதான் இதிலும் நடந்திருக்கிறது. பாக்கெட் தனித்துத் தெரிவதற்கு அதன் வடிவமைப்பு காரணமில்லை, படத்தை அமைத்த விதமே காரணம். முழுத்தட்டு, பார்வை மட்டம், மற்றவற்றின் மங்கல் ஆகிய மூன்றையும் எந்தப் பாக்கெட்டுக்குக் கொடுத்தாலும் அது எடுபடும். வெறும் பழுப்புக் காகிதப் பையை அங்கே வைத்தாலும் கண் முதலில் அதன் மீதே விழும். கொள்முதல் மேலாளர் நாள்தோறும் அலமாரிகளைப் பார்ப்பவர், ஒரு நொடியில் இதைக் கண்டுகொள்வார்.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பாக்கெட்டின் தட்டையான அகலம், நிரப்பிய பின் அகலம், அலமாரியின் உள்அகலம் ஆகியவற்றைச் சொல்ல முடியுமா?

தேவி, டர்பன்

தட்டையாக 180 மி.மீ. அகலம், 250 மி.மீ. உயரம். முறுக்கை நிரப்பி மூடிய பிறகு அகலம் ஏறக்குறைய 160 மி.மீ., உயரம் 240 மி.மீ. ஆகிவிடுகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் ஓர் அலமாரிப் பகுதியை அளந்தபோது உள்அகலம் 900 மி.மீ. இருந்தது.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

அப்படியானால் கணக்கை நீங்களே பார்த்துவிடலாம். 160 மி.மீ. அகலமுள்ள பாக்கெட்டுகள் பத்து நிற்க 1600 மி.மீ. வேண்டும், இருப்பதோ 900. பக்கத்துப் பாக்கெட்டைத் தள்ளாமல் கை நுழைத்து எடுக்கச் சிறிது இடைவெளியும் விட்டால், ஒரு தட்டில் ஐந்துக்கு மேல் நிற்காது. உங்கள் படத்தில் எல்லாப் பாக்கெட்டுகளும் ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன, அல்லது அலமாரி இரு மடங்கு நீண்டிருக்கிறது. எப்படியிருந்தாலும், ஐம்பது பாக்கெட்டுகளில் பத்து உங்களுடையவை என்று படம் காட்டுகிறது. போட்டியாளர்களின் பைகளும் ஏறக்குறைய இதே அளவு என்று வைத்துக்கொண்டால், உண்மையில் ஐந்து தட்டுகளிலும் சேர்த்து இருபத்தைந்து பாக்கெட்டுகள் நிற்கும், அவற்றில் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டு பேஸிங், அதாவது முன்வரிசையில் இரண்டு பாக்கெட் நிற்கும் இடம். ஐந்தில் ஒரு பங்கு முகப்பைக் கொண்ட பாக்கெட் எடுபடுகிறதா என்று கேட்பதும், நூற்றுக்கு எட்டுப் பங்கு மட்டும் கொண்டது எடுபடுகிறதா என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்குத்தான் உங்களுக்குப் பதில் வேண்டும்.

ஆகவே படத்தை முதலிலிருந்து அளவோடு கட்டுங்கள். 3600 பிக்சல் அகலமுள்ள கேன்வாஸை எடுத்து அதை 900 மி.மீ. அலமாரியாகக் கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு பிக்சல் கிடைக்கும். உங்கள் பாக்கெட் 640 பிக்சல் அகலமாகும். போட்டியாளர்களின் பாக்கெட்டுகளைக் கடையில் வாங்கி, நிரப்பிய நிலையில் அளந்து, ஒரே விளக்கின் கீழ் உங்கள் பாக்கெட்டோடு சேர்த்துப் படமெடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒளி ஒவ்வொரு திசையிலிருந்து வரும், அவற்றின் நிறங்களும் திருத்தப்பட்டிருக்கும். உங்களுடையது மட்டும் கணினியில் வரைந்ததாக இருந்தால், அந்த வேறுபாடே அதைத் தூக்கிக் காட்டிவிடும், நீங்கள் அதை வடிவமைப்பின் வெற்றி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

விலைப்பட்டையை மறந்துவிடாதீர்கள். தட்டின் முன்விளிம்பில் ஓடும் அந்தப் பட்டை சுமார் 40 மி.மீ. உயரம் இருக்கும். அட்டை ட்ரேயோடு அடுக்கினால் ட்ரேயின் முன்விளிம்பு பாக்கெட்டின் அடியில் 50 மி.மீ. அளவை மறைத்துவிடும். அது உங்கள் கேன்வாஸில் 200 பிக்சல். பெயரைக் கீழ்ப்பகுதியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ட்ரேயை வரைந்து பாருங்கள், தமிழ்ப் பெயரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று.

மாணிக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

ராஜு அவர்களின் கணக்கு சரிதான். ஆனால் அடிப்படையில் இது மிக எளிய விஷயம் என்பது என் கருத்து. சிப்ஸ் அலமாரியில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் குவிந்து கிடக்கின்றன. அங்கே வெள்ளை நிறத்தில், நடுவே ஒரே ஒரு சொல்லுடன் ஒரு பாக்கெட்டை வைத்தால் அது கண்ணில் படாமல் போகாது. வேறுபாடுதான் கவனத்தை இழுக்கிறது, கவனம் கிடைத்தால் விற்பனையும் கிடைக்கும். அரக்கு, பொன், கோலம் என்று இத்தனை அலங்காரம் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பொட்டலத்தின் தோற்றம் விற்பனையை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2009-இல் நடந்ததைச் சொல்லலாம். டிராபிகானா என்ற பழச்சாறு நிறுவனம் தன் பெட்டியின் தோற்றத்தை மாற்றியது, இரண்டு மாதங்களுக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது, பழைய தோற்றத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

மாணிக்கம் ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சி உண்மை. ஆனால் அது உங்கள் வெள்ளைப் பாக்கெட்டுக்கு ஆதரவாக இல்லை, எதிராகத்தான் நிற்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழலைச் செருகியிருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, அமைதியான, வெறுமை மிகுந்த பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பழகிய அடையாளம் காணாமல் போனதோடு, புதிய பெட்டி கடையின் சொந்தப் பெயரில் விற்கும் மலிவுச் சரக்கைப் போல இருக்கிறது என்றும் வாங்குபவர்கள் குறைகூறினார்கள். இழப்பதற்கு நமக்குப் பழைய அடையாளம் ஏதும் இல்லை என்பதால் முதல் பாடம் நமக்குப் பொருந்தாது. இரண்டாவது பொருந்தும். சிப்ஸ் அலமாரியில் வெள்ளைப் பையில் ஒற்றைச் சொல்லைப் பார்ப்பவர், அது கண்ணில் பட்டாலும், கடையின் சொந்தச் சரக்கு என்றோ உப்புக் குறைந்த பத்திய உணவு என்றோ எண்ணிக் கடந்து போகலாம். பாக்கெட்டைக் கண்டதும் காரமான, மொறுமொறுப்பான தின்பண்டம் என்று புரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் இது வேறு ஒன்று என்று தெரிய வேண்டும். வெறும் வேறுபாடு முதல் வேலையைச் செய்யாது.

ஆனாலும் நிறத்தின் வெளிர்மை குறித்து ஐயா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. தேவி அவர்கள் படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கட்டும். அரக்கு மிகக் கருமையான நிறம். பக்கத்தில் கருநீலப் பையோ கரும்பச்சைப் பையோ இருந்தால், நிறத்தை நீக்கியதும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். கண்ணின் ஓரப் பார்வையில் நிறவேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாடே அதிகம் உதவும். அலமாரியைக் கடந்து நடப்பவர் பெரும்பாலான பைகளை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். போதாக்குறைக்கு, கடைக்காரர் அண்ணன் சொன்ன கீழ்த்தட்டில் மேல்தட்டின் நிழல் விழும். கருமையான பை அந்த நிழலோடு கலந்துவிடும்.

சரோஜா, சேட்ஸ்வொர்த்

நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, முறுக்கு தெரிய வேண்டாமா? நான் சேட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காரக்கலவையும் முறுக்கும் விற்கிறேன். ஒளி ஊடுருவும் பையில் கட்டி மேலே ஒரு சிறு ஒட்டுத்தாள் மட்டும் ஒட்டுவேன். நம் மக்கள் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. நிறம் பொன்முறுவலாக இருக்கிறதா, கருகியிருக்கிறதா, கறிவேப்பிலையும் கடலையும் போதுமான அளவு கிடக்கின்றனவா என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சிப்ஸ் பைகள் எல்லாம் மூடியவை. அவற்றுக்கு நடுவே உள்ளே இருப்பது தெரியும் பை ஒன்று இருந்தால், அதைவிடத் தனித்துத் தெரிவது வேறு என்ன இருக்கிறது? தேவியின் பாக்கெட்டில் பெரிய ஜன்னல் ஒன்று வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேவி, டர்பன்

சரோஜா அக்கா, இதை நானும் யோசித்தேன். முதல் வரைவில் கோலத்தின் நடுவில் வட்ட ஜன்னல் வைத்திருந்தேன். படத்தில் மிக அழகாக இருந்தது. ஆனால் நாத்தனார் வேண்டாம் என்றார். ராஜு அண்ணா, உங்கள் கருத்து என்ன?

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

சரோஜா அக்காவின் பைகள் சில நாட்களில் விற்றுத் தீர்ந்துவிடும், அதனால் அவருக்கு அது சரி. சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு கிடங்கிலும் அலமாரியிலுமாக மாதக்கணக்கில் இருக்கக்கூடும், அதுவும் காலை முதல் இரவு வரை விளக்கொளியில். பொரித்த பண்டத்தின் எண்ணெயை ஒளியும் காற்றும் சேர்ந்து கெடுக்கும், சிக்கு வாடை வரும். சிப்ஸ் பைகளின் உட்புறம் வெள்ளி போல மின்னுவது இதற்காகத்தான். அலுமினியம் மெல்லிய படலமாகப் படிந்த அந்தத் தாள் ஒளியையும் ஈரத்தையும் தடுக்கிறது, உள்ளே காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். ஜன்னல் வைத்தால் அந்த இடத்தில் அலுமினியம் இருக்காது. ஜன்னல் சிறியதாக, பாக்கெட்டின் வாழ்நாளும் குறுகியதாக இருந்தால் சமாளிக்கலாம். எத்தனை வாரம் தாங்கும் என்பதை உங்கள் எண்ணெயில், உங்கள் தாளில் வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

மாதிரிப் படத்தைப் பொறுத்தவரை ஜன்னலுக்கு வேறொரு ஆபத்து உண்டு. படத்தில் ஜன்னல் வழியே உடையாத முறுக்குகள் விளிம்பு வரை நிறைந்திருப்பது போல வரைந்துவிடுவார்கள். உண்மையான பையின் மேல்பகுதியில் வெற்றிடம் இருக்கும், லாரியில் குலுங்கி வந்த பிறகு முறுக்கு இன்னும் கீழே இறங்கும், தூள் அடியில் சேரும். ஜன்னல் மேல்பகுதியில் இருந்தால் அதன் வழியே பையின் பின்பக்கத் தாள்தான் தெரியும். கீழே இருந்தால் தூள் தெரியும், அதுவும் ட்ரேயின் விளிம்பு மறைக்காமல் விட்டால். நடுவில் ஒரு கையகல இடம்தான் மிஞ்சுகிறது.

சரோஜா, சேட்ஸ்வொர்த்

அப்படியே இருந்தாலும் அந்தக் கையகல இடம் போதும் என்பேன். பொருளைக் காட்டாமல் பொருளின் படத்தை அச்சிட்டால், பையைப் பிரித்ததும் படத்தில் இருந்ததும் கையில் இருப்பதும் வேறாக இருக்கும், அது மறுமுறை வாங்கவிடாது.

தேவி, டர்பன்

ஜன்னலைப் பற்றி நாத்தனாரோடு இன்னொரு முறை பேசுகிறேன். இதற்கிடையில் ராஜு அண்ணா சொன்னபடி படத்தை அளவோடு மீண்டும் கட்டினேன். தட்டுக்கு ஐந்து பாக்கெட்டுகள், எங்களுக்குக் கீழ்த்தட்டில் இரண்டு பேஸிங், விலைப்பட்டை, ட்ரே எல்லாம் வைத்தேன். எந்தப் பாக்கெட்டையும் மங்கலாக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் பாக்கெட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெயரின் கீழ்ப்பாதி ட்ரேக்குள் போய்விட்டது. கறுப்பு வெள்ளையில் அரக்குப் பை, பக்கத்துக் கருநீலப் பையோடு ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரிகிறது. பொன்னிறக் கோலம் மட்டும் ஓரளவு நிற்கிறது.

இதைத் திரையில் எவ்வளவு பெரிதாக வைத்துப் பார்ப்பது சரி? பெரிதாக்கினால் எல்லாமே நன்றாகத் தெரிகிறது.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

பலரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. கண்ணுக்கு முக்கியம் அகலத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம். 90 செ.மீ. அலமாரியை ஒருவர் 180 செ.மீ. தொலைவில் நின்று பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், தூரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. அதே விகிதத்தைத் திரையிலும் காக்க வேண்டும். மடிக்கணினியில் படம் 30 செ.மீ. அகலம் தெரியும்படி வைத்து, கண்ணைத் திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் படுக்கையாகப் பிடித்தால் படம் சுமார் 15 செ.மீ. அகலம் இருக்கும், அதை 30 செ.மீ. தொலைவில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் கடையில் நிற்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகவே பாக்கெட் தெரியும். எழுத்துக்கும் இதே அளவுகோல்தான். இரண்டு மீட்டரில் நல்ல பார்வை உள்ளவரால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 3 மி.மீ., அதுவும் நின்று நிதானமாகப் பார்த்தால். தள்ளுவண்டியோடு நடப்பவருக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். சுழிகள் நிறைந்த நம் எழுத்து, நெருக்கமாக அமைந்தால் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கீழ்த்தட்டைப் படத்தில் காட்டும்போது கோணத்தையும் கவனியுங்கள். நீங்கள் எல்லாத் தட்டுகளையும் நேர் எதிரே பார்ப்பது போலத்தான் அமைத்திருப்பீர்கள். தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் கண் உள்ள ஒருவர், 120 செ.மீ. தள்ளி நின்று, நடுப்புள்ளி 30 செ.மீ. உயரத்தில் உள்ள பாக்கெட்டைப் பார்த்தால், அவர் பார்வை 45 பாகை கீழ்நோக்கிச் செல்கிறது. 240 மி.மீ. உயரப் பாக்கெட் அவருக்கு 170 மி.மீ. உயரமுள்ளது போலக் குறுகித் தெரியும். நீங்கள் வட்டமாக வரைந்த கோலம் நீள்வட்டமாகும். அதே வேளையில் பையின் மேல்பாதிதான் கண்ணுக்கு அருகில் இருக்கும். ஆகவே பெயர் மேலே போகட்டும். மேல்பாதி முழுவதையும் வெளிர்நிறமாக்கி, பச்சரிசி மாவின் வெண்மையோ இளமஞ்சளோ கொடுத்து, அரக்கைக் கீழ்ப்பாதிக்கு இறக்கிப் பாருங்கள். நிழலுக்கும் ட்ரேக்கும் அரக்கு போகட்டும், வெளிச்சத்துக்கு வெளிர்நிறம் வரட்டும்.

பொன்னிறம் குறித்தும் ஒரு வார்த்தை. உங்கள் படத்தில் அது ஒரே சீராக ஒளிர்வதாக வரைந்திருப்பீர்கள். அலுமினியப் படலத் தாளில் பொன் என்பது, அடியில் வெள்ளை மை இடாமல் ஒளி ஊடுருவும் மஞ்சள் மையை மட்டும் அச்சிட்டுக் கிடைப்பது. அது கண்ணாடி போல நடந்துகொள்ளும். மேலேயுள்ள விளக்கைப் பிரதிபலித்தால் பளிச்சிடும், எதிரேயுள்ள இருட்டைப் பிரதிபலித்தால் கறுத்துப்போகும். உப்பிய பையில் இரண்டும் அடுத்தடுத்து வரும், கோலத்தின் கோடுகள் பாதியில் அறுந்தது போலத் தெரியும். அடியில் வெள்ளை இட்டுச் சாதாரண மஞ்சளில் அச்சிட்டால் மினுக்கம் போகும், ஆனால் கோடு எல்லாக் கோணத்திலும் நிற்கும்.

மாணிக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

மேல்பாதி வெளிர்நிறம் என்றால் நான் சொன்ன வெள்ளைக்குப் பாதி வழி வந்துவிட்டீர்கள் என்று மகிழ்கிறேன். என்னிடம் வேறோர் எண்ணமும் இருக்கிறது. இரண்டு பேஸிங்தான் கிடைக்கும் என்றால், ஒவ்வொரு பாக்கெட்டின் இரு ஓரங்களிலும் அரைக்கோலம் வரைந்தால் என்ன? பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இரண்டு அரைகளும் சேர்ந்து நடுவில் ஒரு முழுக்கோலம் ஆகும். இரண்டு சிறிய பாக்கெட்டுகள் ஒரு பெரிய உருவமாகத் தெரியும். மாதிரிப் படத்தில் இதைக் காட்டினால் மேலாளர் வியப்பார்.

பீனிக்ஸ் கடைக்காரர்

ஐயா, எண்ணம் அழகானது. ஆனால் அடுக்குவது யார்? என் கடையில் அடுக்கும் பையன் பெட்டியைக் கிழித்துக் கொட்டி நிற்கவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். வாங்குபவர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். சனிக்கிழமை மாலையில் இரண்டு பேஸிங்கில் ஒன்று காலியாகி, மற்றது பின்னால் சாய்ந்து கிடக்கும். அப்போது கடைசியில் மிஞ்சுவது அரைக்கோலம்தான்.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

அண்ணன் சொல்வது நடைமுறை. அதோடு, உப்பிய பையின் ஓரம் வளைந்து பின்னால் போய்விடும் என்பதால், 180 மி.மீ. தாளில் இரு ஓரங்களிலும் சில மில்லிமீட்டர்கள் முகப்பில் தெரியவே தெரியா. ஓரத்தில் வரைந்த அரைக்கோலங்கள் ஒன்றையொன்று தொடாது. ஆயினும் ஐயாவின் எண்ணத்தை நான் முழுவதும் ஒதுக்கமாட்டேன். ட்ரேயின் முன்விளிம்பில் அந்த முழுக்கோலத்தை அச்சிட்டால் அடுக்குபவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கடைகளும் ட்ரேயோடு அடுக்குவதில்லை, அட்டைச் செலவும் கூடும். அது அந்தக் குழுமத்தின் வழக்கத்தைப் பொறுத்தது.

விமலா, ஜோகனஸ்பர்க்

நான் வணிகக்குறித் துறையில் ஒரு சட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன், ஆகவே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். போட்டியாளர்களின் உண்மையான பாக்கெட்டுகள் உள்ள இந்தப் படத்தை மேலாளரின் அறையில் காட்டுவது ஒன்று. அதையே நாளை முகநூலில் விளம்பரமாகப் போடுவது முற்றிலும் வேறு. தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு 194ஆம் எண் வணிகக்குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நன்கறியப்பட்ட குறிகளின் தனித்தன்மையையோ நற்பெயரையோ குலைக்கும் வகையில் வணிகத்தில் பயன்படுத்துவதையும் உரிமை மீறலாகக் கருதுகிறது. பிற பிராண்டுகளை மங்கலாகவும் மந்தமாகவும் காட்டி உங்களுடையதை உயர்த்தும் படம் அந்த நிறுவனங்களின் கண்ணில் பட்டால், சிறிய தொழிலுக்கு வீண் கடிதப் போக்குவரத்துத் தொடங்கும். பொதுவில் வெளியிடும் படத்துக்குக் கற்பனைப் பெயர்களும் வேறு நிறச்சேர்க்கைகளும் கொண்ட பைகளை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதும் நல்லது.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

பொதுவெளிக்கு நீங்கள் சொல்வதே சரி. மேலாளருக்குக் காட்டும் படத்தில் மட்டும் உண்மையான பாக்கெட்டுகள்தான் இருக்க வேண்டும் என்பது என் நிலை. கற்பனைப் பைகளை வடிவமைப்பவர் தன்னையறியாமலே அவற்றை மங்கலாக வடிவமைத்துவிடுவார். பெரிய நிறுவனங்களின் பைகள் பல ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கப்பட்டவை, அவற்றின் பக்கத்தில் நின்றால்தான் சோதனை.

தேவி, டர்பன்

எல்லோருக்கும் நன்றி. மேல்பாதி இளமஞ்சள், கீழ்ப்பாதி அரக்கு, பெயர் மேலே, கோலம் அடியில் வெள்ளை இட்ட சாதாரண மஞ்சள் என்று மாற்றி, அதே கீழ்த்தட்டில், அதே இரண்டு பேஸிங்கில் வைத்தேன். கைபேசியில் 30 செ.மீ. தொலைவில் பிடித்து, எது எங்களுடையது என்று சொல்லாமல், வீட்டுக்கு வந்தவர்களிடம் சில நொடிகள் காட்டி மூடிவிட்டு, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அரக்குப் பையைக் காட்டியபோது ஏறக்குறைய எவரும் அதைக் குறிப்பிடவில்லை. புதியதைக் காட்டியபோது பாதிப் பேருக்கு மேல் "கீழே மஞ்சளாக ஒன்று இருந்தது" என்றார்கள். ஆனால் அது என்ன பண்டம் என்று கேட்டால் வாழைக்காய் சிப்ஸ் என்றவர்களே அதிகம். முறுக்கு என்று சொன்னவர்கள் தமிழ்ப் பெயரைப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

மிகவும் பயனுள்ள விடை இது. கண்ணில் படுவது நடந்துவிட்டது, பொருள் புரிவது நடக்கவில்லை. இளமஞ்சள் வாழைக்காய் சிப்ஸை நினைவூட்டுகிறது என்றால் நிறத்தைக் கொஞ்சம் வெண்மைக்கு நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் அதைவிட, கோலத்தின் இடத்தில் பெரிய ஒற்றை முறுக்கின் படத்தை வைத்துச் சோதிப்பேன். முறுக்கின் சுருளே ஒரு கோலம் போலத்தான் இருக்கிறது, வேறெந்தச் சிப்ஸுக்கும் அந்த உருவம் இல்லை. அல்லது சரோஜா அக்கா கேட்ட கையகல ஜன்னலை அந்த இடத்தில் வைக்கலாம். இரண்டையும் ஒரே படத்தில் வைக்காமல் தனித்தனிப் படங்களாக்கி, இதுவரை படத்தைப் பார்க்காதவர்களிடம் காட்டுங்கள். ஒருமுறை பார்த்தவர்களின் கண் இனி அந்த இடத்தைத் தேடிப் போகும்.

சரோஜா, சேட்ஸ்வொர்த்

ஜன்னலுக்கே என் வாக்கு. படமாக அச்சிட்டால், உள்ளே முழு முறுக்கு ஒன்றாவது உடையாமல் இருக்க வேண்டும் என்பதையும் நாத்தனாரிடம் சொல்லிவிடு, தேவி.

தேவி, டர்பன்

சொல்கிறேன், அக்கா. ராஜு அண்ணா, எதைத் தேர்ந்தாலும் படத்தை மட்டும் நம்பாமல் உண்மையான அலமாரியிலேயே மாதிரிப் பைகளை வைத்து ஒரு புகைப்படமும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் அண்ணா, உங்கள் கடையில் அதற்கு அனுமதி தருவீர்களா?

பீனிக்ஸ் கடைக்காரர்

தாராளமாக வாருங்கள், அம்மா. செவ்வாய்க்கிழமை காலையில் புதுச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பு ஒருமுறை, அடுக்கி முடித்த பிறகு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பைகளில் பஞ்சையோ காகிதத்தையோ அடைத்துக் கொண்டுவர வேண்டாம், உண்மையான முறுக்கையே நிரப்பி மூடி வாருங்கள். முறுக்கு நிரம்பிய பை அடி கனத்து வேறுமாதிரி உட்காரும், முகமும் சற்று மேல்நோக்கிச் சாயும். கீழ்த்தட்டில் இரண்டு இடம் காலி செய்து வைக்கிறேன்.

ராஜு, பொட்டல அச்சுத் தொழில், பைன்டவுன்

நானும் வர முயல்கிறேன். தேவி, கேமராவை 150 செ.மீ. உயரத்தில் வைத்து எடுங்கள், குனிந்து எடுக்க வேண்டாம். அந்தச் சாய்வினால் 45 பாகைக் குறுக்கம் எவ்வளவு குறைகிறது என்பதையும் அளந்து பார்த்துவிடலாம். பையின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்தால், பெயரை நான் சொன்ன அளவுக்கு மேலே ஏற்றத் தேவையில்லாமலும் போகலாம்.